மேரியக்கா எழுதிய செட்டில்மென்ட்

இன்பமேரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதமாக இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பமாட்டாள். நாமக்கல்லில் அவள் வேலை பார்க்கும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இந்தப் பழக்கத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு பக்கம் கிரைண்டர் அலறும், இன்னொரு பக்கம் தகட்டின் மேல் சுத்தியல் விழும். அதற்கு நடுவில் ஆபீஸ் அறையில் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் யார் காதில் விழப்போகிறது? ஆனால் பஸ்ஸிலும் அவள் இதையே செய்வாள். சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருபவர்கள் முதலில் இவள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். கொஞ்சம் காது கொடுத்தால் "வருகை நாட்கள் இருபத்து நாலு, பிடித்தம் போக" என்று கேட்கும்.

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். படித்தது அஞ்சல்வழியில். கல்யாணத்துக்குப் பிறகு சேலத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினாள். அந்தக் கடையை விட்டு வந்தபோது அவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு தொகை இருந்தது. எதற்கு எவ்வளவு, எதில் எவ்வளவு பிடித்தார்கள், எப்போது தருவார்கள், ஒன்றும் கிடையாது. "பாத்துச் சொல்றோம்மா" என்ற ஒரு வார்த்தையை நம்பி மழைக்காலம் முழுக்க நடந்தாள். கடைசியில் கிடைத்தது சீட்டில் இருந்ததைவிடக் குறைவு. ஏன் குறைந்தது என்று இன்றுவரை தெரியாது. பணம் போனதைக்கூட மறந்துவிட்டாள், எதற்குப் போனது என்று தெரியாமல் போனதை மட்டும் மறக்கவேயில்லை. கணவர் சேவியர்ராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எதையும் சிரித்துக் கடக்கிற ஆள். "அந்தச் சீட்டைக் கல்லறைக்குக்கூட எடுத்துட்டுப் போவ போலிருக்கே" என்று அவரே கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பாடிப் பட்டறைக்கு வந்த இந்த இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுப் போகிற எவனுக்கும் அவள் துண்டுச் சீட்டு கொடுத்தது கிடையாது.

பட்டறையின் முதலாளி பச்சமுத்து. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, மூக்கின் மேல் கோபம். கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆடி மாதம் வந்த கோபம் மட்டும் போகவேயில்லை. காரணம் காளிதாஸ்.

காளிதாஸ் வயரிங் வேலைக்காரன். பட்டறையிலிருந்து வெளியே போகிற எந்த லாரியிலும் முகப்பு விளக்கிலிருந்து பின்னால் மினுக்கும் சிவப்பு வரிசை வரைக்கும் அவன் கை படாதது எதுவும் கிடையாது. இருபத்தைந்து வயதில் வந்து சேர்ந்தவன், இப்போது ராஜினாமா கொடுத்துவிட்டான். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை போடப்போகிறான். கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. கட்டிடத்துக்காரம்மா சாரதாமணி ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்டிருந்தாள்.

"அடுத்த புதன்கெழம வரைக்கும் வெச்சிருக்கேன் தம்பி. அதுக்கு மேல ரெண்டு பேரு கேட்டுட்டு நிக்கறாங்க. பணம் எப்ப வரும்னு கம்பெனியில ஒரு பேப்பராவது வாங்கிட்டு வா" என்று அவள் சொல்லியிருந்தாள்.

காளிதாசிடம் கையில் இருப்பு எதுவும் கிடையாது. வேலையை விடும்போது கணக்கு முடித்துத் தரும் செட்டில்மென்ட் பணத்தை நம்பித்தான் இடம் பேசியிருந்தான். அதனால் அவன் வாழ்க்கை முழுக்க அந்த ஆகஸ்ட் மாதத்தில் இன்பமேரியின் மேஜை மேல் வரப்போகிற ஒரு தாளில் வந்து நின்றது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, பதினாலாம் தேதி, அவனுடைய கடைசி வேலை நாள். பட்டறைக் கணக்கைப் பார்ப்பவர் ஜெரால்ட், அஸ்தம்பட்டியில் ஒரு ஆடிட்டரிடம் வேலை செய்பவர், வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோவார். அவர் காலையிலேயே கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த வரைவை அனுப்பியிருந்தார். இன்பமேரி அதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். இந்த மாதம் வேலை செய்த பன்னிரண்டு நாளுக்குச் சம்பளம் பன்னிரண்டாயிரம், சரி. எடுக்காமல் சேர்ந்த விடுப்பு இருபத்திரண்டு நாள், அதற்கு இருபத்திரண்டாயிரம், சரி. பணிக்கொடையான கிராஜுவிட்டி பதினோரு வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு என்று வந்ததும் நின்றாள். போனை எடுத்தாள்.

"ஜெரால்ட் தம்பி, காளிதாஸ் சேந்தது டிசம்பர்ல. பதினோரு வருஷம் எட்டு மாசம் ஆவுது. ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷமாத்தானே எடுக்கணும்?"

"அட ஆமாக்கா. பன்னெண்டுதான். மெஷின் எட்டு மாசத்தை முழுங்கிருச்சு. பத்தாயிரத்து ஐந்நூறு கூடுது, மாத்திக்கலாம்" என்றார் ஜெரால்ட், கொஞ்சமும் கூச்சப்படாமல். நல்ல மனிதர். தவறைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாத கணக்கர் கிடைப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பிடித்தங்களின் பக்கம் வந்தாள். பி.எஃப். ஆயிரத்து எட்டு. தீபாவளி முன்பணத்தில் பாக்கி ஆறாயிரம். விலகுவதை முப்பது நாள் முன்பே சொல்ல வேண்டிய நோட்டீஸ் காலத்தில் பத்து நாள் குறைவு, அதற்குப் பத்தாயிரம். அப்புறம் "ஊழியர் முன்பணம்" என்று இன்னொரு வரி, தொகை மட்டும், வேறு விவரம் கிடையாது. பணம் தரும் தேதி என்ற இடத்தில் "அனுமதி கிடைத்த பின்" என்று இருந்தது. கடைசியில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மெஷின் முழுங்கிய வருஷத்தைச் சேர்த்தாலும் ஒன்றரை லட்சம் எட்டாது.

சாயங்காலம் காளிதாஸ் வந்தான். கை கழுவி, சட்டை மாற்றி, தலை வாரி, பெண் பார்க்கப் போகிறவனைப் போல வந்து நின்றான். "மேரியக்கா, தயாருங்களா?" என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இது வரைவுதான் தம்பி. படிச்சுப் பாத்து, சரியில்லாதது எதுன்னு சொல்லுங்க. கிராஜுவிட்டியில ஒரு வருஷம் விட்டுப்போச்சு, அதைச் சேத்துடுவாங்க. கையெழுத்து இப்பப் போட வேண்டாம்" என்று தாளை நீட்டினாள்.

வாங்கிப் படித்தான். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினான். பிடித்தத்துக்கு வந்ததும் விரல் ஓரிடத்தில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. முகம் தொங்கிப்போனது. இரண்டு தடவை அந்த வரியைப் படித்தான். பிறகு தாளை மடித்து மேஜை மேல் வைத்தான்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது."

"நோட்டீஸ் பத்து நாள் கொறவுன்னு இருக்குதே. நீங்க லெட்டர் குடுத்தது எப்போ?"

"போன மாசம் பதினஞ்சாந் தேதிங்க. மொதலாளி கையிலயே குடுத்தேன். பரவால்லீங்க்கா, புடிச்சுக்கட்டும்."

"இந்த முன்பணம் எதுக்கு வாங்கினது?"

"தேதி மட்டும் ஒண்ணு எழுதிக் குடுங்கக்கா. மிச்சத்த நான் எங்கயாவது பொரட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறினான். பன்னிரண்டு வருஷம் வேலை செய்த இடத்தை விட்டு இப்படியா ஒருவன் போவது என்று இன்பமேரிக்கு மனசு கனத்துவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை எடுத்துப் பழக்கப்படி வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இன்பமேரி, "முன்பணம், இருபதாயிரத்து ஒரு ரூபாய்" என்று படித்தபோது அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆருக்குக் கண்ணு கல்யாணம்?"

"என்னங்கம்மா?"

"இல்ல, இருபதாயிரத்து ஒண்ணுன்னியே. நல்ல மொய்யாச்சே! தாய்மாமன் வெக்கறதா?"

இன்பமேரி அந்த அம்மாளைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி "மாதாவே!" என்றாள்.

காலையிலிருந்து எத்தனை தடவை படித்தாள் அந்த வரியை! கடன் கொடுக்கிறவன் எவனாவது ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பானா? முன்பணம் கேட்டால் இருபதாயிரம் கொடுப்பார்கள், பதினைந்தாயிரம் கொடுப்பார்கள். அந்த ஒற்றை ரூபாய் கல்யாண வீட்டுக்குத்தான் போகும். இந்துவோ கிறிஸ்தவரோ, இந்தப் பக்கத்தில் மொய்க் கவரில் ஒரு ரூபாய் ஒட்டாமல் எவரும் நீட்டுவதில்லை. தன் மகள் ஆன்சி சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வந்த கவர்களில்கூட அந்த ஒரு ரூபாய் இருந்ததே! காலையில் கண்ணுக்கு இலக்கம் தெரிந்தது, பட்டறைச் சத்தத்தில் காதுக்குத் தெரியவில்லை. பூக்காரம்மாளின் காது இவளுக்கு உதவிக்கு வந்துவிட்டது.

இறங்கியதும் காளிதாசுக்குப் போன் போட்டாள். "தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு மொதலாளி வெச்ச மொய்தானே அது?"

காளிதாஸ் மெதுவாகச் சொன்னான். "தங்கச்சி கல்யாணத்துக்குங்க. மூணு வருசமாச்சு. குடும்பத்தோட வந்து, முன்னால உக்காந்து சாப்புட்டுட்டுப் போனாருங்க. எங்கப்பன் அதச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு."

"பின்னே ஏன் பேசாம போனீங்க?"

"எப்புடீங்க்கா கேக்கறது? வெச்ச மொய்யத் திருப்பிக் கேட்டா இனி ஒட்டும் வேண்டாம் ஒறவும் வேண்டாம்னுதானே அர்த்தம்? அவரு அப்புடி நெனச்சுட்டா நான் குடுத்துட்டுப் போறதுதாங்க மரியாத. நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க."

கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு இன்பமேரி என்ன கல்லா?

ஜெரால்டைக் கேட்டதில் விஷயம் தெளிந்தது. அன்றைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் முதலாளி பட்டறைக் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டில் "காளிதாஸ் 20,001" என்று மட்டும் எழுதி உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தொழிலாளி பெயரும் ஒரு தொகையும் சேர்ந்து இருந்தால் அது முன்பணம்தான் என்று ஜெரால்ட் பதிந்துவிட்டார். மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்று யாரும் சொல்லாததால் அது மூன்று வருஷமாகக் கணக்கில் தூங்கியிருக்கிறது. காளிதாஸ் போகிறான் என்றதும் கம்ப்யூட்டர் அதை எழுப்பிவிட்டது.

மறுநாள் சுதந்திர தினம். பட்டறைக்கு விடுமுறை, ஆனாலும் கொடியேற்ற எல்லாரும் வருவார்கள். முதலாளி கொடி ஏற்றினார், அவர் மனைவி பூவாத்தாள் பெரிய எவர்சில்வர் தூக்கிலிருந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். எல்லாரும் இருந்தார்கள். காளிதாஸ் மட்டும் வரவில்லை. முதலாளி கண் அவனைத் தேடி அடிக்கடி வாசலுக்குப் போய் வந்ததை இன்பமேரி பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்குள் போய் நின்றாள். பூவாத்தாளும் அங்கேதான் இருந்தாள்.

"மொதலாளி, காளிதாஸ் செட்டில்மென்ட்."

அவர் முகம் கடுகடுத்தது. "அதுல நா என்ன சொல்றது அம்மிணி? ரூல்ஸ்படி என்ன வருதோ போட்டுக் குடுங்க. போறவனுக்கு என்ன சீராட்டு? நம்ம ரோட்டு மேலயே கட போடறானாம், கட!"

"சரிங்க. ஒருதரம் படிச்சுக் காட்டறேன், கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க."

படித்தாள். சம்பளம், விடுப்பு, கிராஜுவிட்டி எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். லட்டு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "பிடித்தம். ஊழியர் முன்பணம். இருபதாயிரத்து ஒரு ரூபாய்" என்று சொல்லி இன்பமேரி நிறுத்தினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அதென்ன ஒத்த ரூவா?" என்றாள் பூவாத்தாள். அடுத்த விநாடியே தூக்கைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இது அந்தப் புள்ள கல்யாணத்துக்கு நாம வெச்சதில்ல? நாந்தானே பாக்கு வெத்தலையோட தட்டத்துல வெச்சேன்! மொய்யவா புடிக்கறீங்க?"

முதலாளியின் தொண்டையில் லட்டு சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "மொய்யா? நானா? ஐயோ, வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? அவன் பாத்துட்டானா அம்மிணி?"

"பாத்துட்டாருங்க."

"என்ன சொன்னான்?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுன்னு சொன்னாருங்க. நீங்களே திருப்பிக் கேக்கறதா நெனச்சுட்டாரு."

அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இன்பமேரிக்கும் பாவமாக இருந்தது, ஆனால் படிக்க வேண்டியது இன்னும் இருந்தது. "அடுத்தது நோட்டீஸ் கொறவு, பத்தாயிரம். லெட்டர் ஆபீசுக்கு வந்தது இருபத்தஞ்சாந் தேதி. காளிதாஸ் பதினஞ்சாந் தேதியே உங்க கையில குடுத்ததாச் சொல்றாருங்க."

இதற்கும் பூவாத்தாள்தான் பதில் சொன்னாள். "அந்த லெட்டருங்களா? அது இவரு சட்டப் பைக்குள்ளயேல்ல கெடந்துச்சு! தெனமும் சட்டய மாத்தறப்போ அதயும் எடுத்து அந்தப் பையில இருந்து இந்தப் பைக்கு மாத்திக்குவாரு. ஏனுங்கன்னு கேட்டா எரிஞ்சு உழுவாரு."

"பையன் மனசு மாறிருவான்னு நெனச்சேன்" என்றார் பச்சமுத்து. "ஆபீசுல குடுத்துட்டா முடிஞ்சு போயிருமே அம்மிணி. பத்து நாளு பாத்தேன். மாறல." அறுபது வயது ஆள் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னபோது, ஆடி மாதம் முழுக்க அவர் காட்டியது கோபமே இல்லை என்பது இன்பமேரிக்குப் புரிந்துவிட்டது. அவன் மேல் வைத்த பாசத்தால் செய்த இரண்டும், வைத்த மொய்யும் மறைத்த கடிதமும், எப்படியோ பிடித்தங்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன.

"அப்ப ரெண்டையும் எடுத்தர்றேனுங்க. முப்பது நாள் நோட்டீசும் முழுசா ஆச்சு. மொய், பட்டறைச் செலவும் இல்ல, அவரு கடனும் இல்ல. உங்க சொந்தக் கணக்குல எழுதச் சொல்றேன்."

"எழுதுங்க, எழுதுங்க. அந்த வரி இருந்த எடமே தெரியாம அழிச்சுப் போடுங்க."

"அழிக்க மாட்டேங்க" என்றாள் இன்பமேரி. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அவர் பாத்த வரிங்க அது. சும்மா காணாமப் போனா, கேட்டதுக்கு வெக்கப்பட்டு விட்டுட்டாங்கன்னு நெனப்பாரு. அது தப்பாச் சேந்தது, மொய்தான்னு ஒரு வரி எழுதறேன். அவரு படிக்கணும்."

அவருக்கு அது தர்மசங்கடமாகத்தான் இருந்தது. மனைவியைப் பார்த்தார். பூவாத்தாள் "அதாஞ் சரி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"கடைசியா தேதிங்க. 'அனுமதி கிடைத்த பின்'னு இருக்குது. அப்படி எழுதினா அது தேதியே இல்லீங்க. சம்பளப் பாக்கியும் விடுப்புப் பணமும் வேலைய விட்டு ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும், அதாவது செவ்வாக்கெழம. கிராஜுவிட்டிக்கு முப்பது நாள் டைம் இருக்குது."

"செவ்வாக்கெழமையா? செவ்வாக்கெழம என்னைக்குங்க நாம காசு வெளிய குடுத்திருக்கறோம்?" என்று பதறினாள் பூவாத்தாள்.

முதலாளி அரை நிமிஷம் யோசித்தார். பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. "திங்கக்கெழம. ஆவணி ஒண்ணு. சம்பளம், கிராஜுவிட்டி, அது இது எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு உடுங்க. முப்பது நாளும் வேண்டாம், மூணு நாளும் வேண்டாம். தேதியப் பெருசா எழுதுங்க!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். கணவரையும் மகளையும் எதிரில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். "எதுக்குப் பிடிச்சாங்கன்னு இப்பப் புரியுதா?" என்று கேட்டாள். கணக்கே வராத சேவியர்ராஜ் "எனக்கே புரியுதுன்னா பாத்துக்க" என்றார். அதுதான் அவளுக்கு வேண்டிய சான்றிதழ்.

திங்கட்கிழமை காலை ஜெரால்ட் இலக்கங்களைச் சரிபார்த்து அனுப்பினார், முதலாளி கையெழுத்துப் போட்டார், பாங்கில் பணம் போனது. காளிதாஸ் வந்தபோது இன்பமேரி தாளை நீட்டினாள். கம்ப்யூட்டர் ஆங்கிலம் ஒரு பக்கம், அவள் தமிழ் மறுபக்கம். தமிழ்ப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"உங்களுக்குச் சேர வேண்டியது: ஆகஸ்டில் வேலை செய்த பன்னிரண்டு நாள் சம்பளம் 12,000. எடுக்காத விடுப்பு இருபத்திரண்டு நாளுக்கு 22,000. பன்னிரண்டு வருஷக் கிராஜுவிட்டி 1,26,000. உங்களிடம் பிடிப்பது: இந்த மாத பி.எஃப். 1,008. சென்ற தீபாவளிக்கு நீங்கள் வாங்கிய முன்பணத்தில் பாக்கி 6,000. இந்த இரண்டும் சம்பளத்திலும் விடுப்புப் பணத்திலும்தான் பிடிக்கப்பட்டன. கிராஜுவிட்டியில் கை வைக்கவில்லை. கையில் வருவது 1,52,992. பணம் தரும் தேதி: ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை, உங்கள் பாங்குக் கணக்கில். சென்ற வருஷப் போனஸ் தீபாவளிக்கு மற்றவர்களோடு உங்களுக்கும் வரும். பி.எஃப். பணம் இதில் சேராது, நீங்கள் விலகிய தேதியைப் பதிந்துவிட்டோம், தனியாக விண்ணப்பித்துக்கொள்ளலாம்."

அதற்குக் கீழே: "நோட்டீஸ் குறைவு 10,000 நீக்கப்பட்டது. நீங்கள் கடிதம் கொடுத்தது ஜூலை 15. அது ஆபீசுக்குத் தாமதமாக வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. முன்பணம் என்று காட்டியிருந்த 20,001 எங்கள் பதிவில் நேர்ந்த தவறு. அது உங்கள் தங்கை கல்யாணத்துக்கு முதலாளி குடும்பத்தார் வைத்த மொய். அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்."

காளிதாசின் விரல் கடைசி வரியில் நின்றது. இந்த முறையும் இரண்டு தடவை படித்தான். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முயன்றதில் மூக்கு ஒழுகியது.

இதற்கென்றே காத்திருந்தவர் போல முதலாளி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். "ஏண்டா, வாயத் தொறந்து கேக்கத் தெரியாதா உனக்கு? இத்தன வருசம் எங்கூட இருந்து என்னத்தடா கத்துக்கிட்ட?"

"எப்புடீங்க மொதலாளி கேக்கறது?"

"நான் மொய்யத் திருப்பிக் கேக்கற ஆளுன்னு நெனச்சுட்டயில்லடா!"

"நீங்க மட்டும்? கட போட்டா இந்தப் பக்கமே வரமாட்டேன்னு நெனச்சீங்கல்ல!"

முதலாளி சிரித்துவிட்டார். பட்டறையில் சுத்தியல் நின்றது, கிரைண்டர் நின்றது. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தவர்களும் காரணம் தெரியாமலேயே சிரித்தார்கள். முதலாளி காளிதாசின் தோளில் ஒரு அடி வைத்தார். வேலைக்கு வந்த புதிதில் ஷாக் அடித்துக் கீழே விழுந்தவனைத் தானே தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் எல்லாரும் கேட்டார்கள். அவசர வயரிங் வேலை வந்தால் இனி ராசிபுரத்துக்குத்தான் ஆள் அனுப்புவேன் என்றும், பில்லில் ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்றும் அவரே சொன்னார். இன்பமேரி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு நிறைந்துபோயிருந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போகிற நாள் இப்படியும் இருக்கலாம் என்று அவளுக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான் காளிதாஸ். சாரதாமணியிடம் காட்ட ஒரு பிரதி வாங்கிக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"மேரியக்கா, இன்னொரு பேப்பரு இதே மாதிரி அடிச்சுத் தரீங்களா? பேரும் தொகையும் இல்லாம, வெறும் வரி மட்டும்."

"அது எதுக்கு?"

"கடைக்கு ஒரு பையன வேலைக்கு எடுத்திருக்கேனுங்க. என்னைக்காவது ஒருநா அவனும் சொந்தமாக் கட போடப் போவானில்ல? அன்னைக்கு எனக்குக் கோவம் வரும்ங்க. இந்தப் பேப்பரு கையில இருந்தா, கோவத்துலயும் ஒழுங்கா எழுதிருவேன்."

இன்பமேரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தொகைகளையும் பேரையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வரிகளை மட்டும் விட்டாள். அடித்து முடித்த தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்தாள், முதல் வரியைப் படித்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டாள்.